ஜிபிஎஸ் காட்டாத நேரத்தில் படகு எங்கே? காம்பஸ், வேகம், கடிகாரம் வைத்து இடம் கணிக்கும் முழு வழிகாட்டி

ஒரு ஜிபிஎஸ் புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரைக்கும் படகின் இடத்தைக் கையால் கணிப்பது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: படகின் முகம் எந்தத் திசையில் இருந்தது, தண்ணீரில் என்ன வேகத்தில் போனது, எவ்வளவு நேரம் போனது. கணக்கு சின்னது. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது கணக்கில் அல்ல, வரிசையில்தான். எதை முதலில் திருத்துவது, எதை எப்போது எழுதுவது, எதை அழிக்கவே கூடாது என்பதில்தான் தவறு வருகிறது.

உதாரணத்துக்கு மார்ச் மாதத்தில் காசிமேட்டுக்குத் திரும்பும் ஒரு விசைப்படகை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் அதன் வேகம் 6 நாட், அதாவது மணிக்கு 6 கடல் மைல். எண்கள் கற்பனைதான், ஆனால் சென்னைக் கடலுக்குப் பொருந்துகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

## 1. துறையை விட்டுக் கிளம்பும் முன் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, பென்சில், கைக்கடிகாரம், கடல் வரைபடம், டிவைடர், திசை அளக்க ஒரு பேரலல் ரூலர் அல்லது பெரிய கோணமானி. பேனா வேண்டாம். தண்ணீர் பட்டால் மை கரையும், பென்சில் எழுத்து நிற்கும்.

ஜிபிஎஸ்ஸில் மூன்று அமைப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, மேப் டேட்டம் `WGS 84` என்று இருக்க வேண்டும்; வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருப்பதும் அதுதானா என்று ஒப்பிடுங்கள். இரண்டாவது, இடம் காட்டும் முறை டிகிரியும் நிமிடமுமாக, அதாவது `hddd°mm.mmm'` என்று இருக்க வேண்டும். மூன்றாவது, திசை `True` என்பதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது அமைப்பில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். 13.20 டிகிரி வேறு, 13 டிகிரி 20 நிமிடம் வேறு. 13.20 டிகிரி என்றால் 13 டிகிரி 12 நிமிடம். ஒன்றை மற்றொன்றாக எழுதினால் வடக்கு தெற்கில் 8 கடல் மைல் தவறிவிடும். அதன்பின் எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டும் பயனில்லை.

## 2. காம்பஸ் எவ்வளவு பொய் சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

காம்பஸ் காட்டும் வடக்கு உண்மை வடக்கு அல்ல. இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, பூமியின் காந்த வடக்கே உண்மை வடக்கிலிருந்து விலகி இருக்கிறது. இதை வேரியேஷன் என்கிறோம். இது இடத்துக்கு இடம் மாறும். சென்னைக் கடலில் இது 1 முதல் 2 டிகிரி மேற்கு. வரைபடத்தில் அச்சிட்ட திசைவட்டத்துக்குள் இதன் மதிப்பும் ஆண்டுக்கு எவ்வளவு மாறும் என்பதும் இருக்கும்.

மற்றொன்று, படகிலேயே உள்ள இரும்பும் மின்சாரமும். இதை டீவியேஷன் என்கிறோம். நம் கடலில் வேரியேஷனைவிட இதுதான் பெரிய தொல்லை. இரண்டு படகுக்கு ஒரே டீவியேஷன் இருக்காது. ஒரே படகிலும் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். காரணம், இன்ஜின் படகோடு சேர்ந்து திரும்புகிறது, காம்பஸ் ஊசி திரும்புவதில்லை. அதனால் ஊசிக்கு இன்ஜின் ஒவ்வொரு முறையும் வேறு பக்கத்தில் நிற்கிறது.

எனவே 45 டிகிரிக்கு ஒன்றாக எட்டுத் திசைக்கு ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். காற்றும் ஓட்டமும் இல்லாத துறைமுகத் தண்ணீரில் ஒவ்வொரு திசையிலும் இரண்டு நிமிடம் நேராக ஓட்டி, காம்பஸ் காட்டுவதையும், தரைமேல் படகு போகும் திசையாக ஜிபிஎஸ்ஸின் `COG` காட்டுவதையும் எழுதுங்கள். வித்தியாசத்தில் வேரியேஷனைக் கழித்தால் மிஞ்சுவது டீவியேஷன். நடுக்கடலில் இதைச் செய்யக்கூடாது. அங்கே நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் தள்ளும். படகு போகிற பாதையும் படகின் முகமும் ஒன்றாக இருக்காது.

அட்டவணை போட்ட பிறகு காம்பஸ் பக்கத்தில் எதையும் மாற்றக்கூடாது. பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர், கைப்பேசி, மீன் வெட்டும் கத்தி, உதிரி பேட்டரி எல்லாம் ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருக்கட்டும். சந்தேகமாக இருந்தால் அந்தப் பொருளை மெதுவாகக் காம்பஸ் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஊசி அசைந்தால் அதற்கு அங்கே இடமில்லை.

## 3. தண்ணீரில் படகின் வேகம்: ஆர்பிஎம் அட்டவணை

நமக்கு வேண்டியது தண்ணீரில் படகு போகும் வேகம். ஜிபிஎஸ் காட்டும் `SOG` தரையை ஒப்பிட்ட வேகம். அதில் நீரோட்டம் ஏற்கனவே கலந்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. `SOG`-ஐ வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் அதன் மேல் நீரோட்டத்தையும் சேர்த்தால் ஒரே ஓட்டத்தை இரண்டு தடவை எண்ணிவிடுவோம்.

நம் படகுகளில் தண்ணீர் வேகம் காட்டும் கருவி பெரும்பாலும் இருக்காது. அதனால் இன்ஜின் ஆர்பிஎம்முக்கு இவ்வளவு வேகம் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டும். ஓர் ஆர்பிஎம்மில் வைத்து ஒரு திசையில் ஐந்து நிமிடம் ஓட்டி `SOG`-ஐ எழுதுங்கள். உடனே திரும்பி நேர் எதிர்த்திசையில் அதே ஆர்பிஎம்மில் ஓட்டி மறுபடியும் எழுதுங்கள். போகும்போது 7, வரும்போது 5 என்றால் தண்ணீரில் வேகம் 6 நாட். போகையில் கூட்டிய ஓட்டம் வருகையில் கழித்திருக்கும், சராசரியில் அது அடிபட்டுப் போகும்.

இதை வெறும் படகில் ஒரு முறையும், ஐஸும் மீனும் ஏற்றிய படகில் ஒரு முறையும் செய்ய வேண்டும். பாரம் ஏறினால் அதே ஆர்பிஎம்முக்கு வேகம் குறையும். அடியில் பாசியும் சிப்பியும் படிந்த படகிலும் அப்படித்தான்.

ஆர்பிஎம் மீட்டர் வேலை செய்யவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. முன்னணியத்திலிருந்து ஒரு தென்னை மட்டையை முன்பக்கமாகத் தண்ணீரில் போட்டு, அது முன்னணியத்துக்கு நேரே வந்ததிலிருந்து பின்னணியத்தைத் தாண்ட எத்தனை விநாடி என்று பாருங்கள். 15 மீட்டர் படகில் 5 விநாடி என்றால் விநாடிக்கு 3 மீட்டர். அதை 1.94 ஆல் பெருக்கினால் 5.8 நாட். ஒரு தடவை பார்த்தால் போதாது, மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள்.

## 4. நோட்டில் எழுதும் முறை

ஒரு வரிக்கு நான்கு விஷயம்: மணி, காம்பஸ் திசை, ஆர்பிஎம் அல்லது வேகம், குறிப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரி கட்டாயம். அதற்கு நடுவே திசையையோ வேகத்தையோ மாற்றினால், மாற்றிய அதே நிமிடத்தில் புது வரி. அப்புறம் எழுதலாம் என்று விட்டால் எந்த நிமிடத்தில் திருப்பினோம் என்பது மறந்துபோகும். 6 நாட் வேகத்தில் 10 நிமிடத் தவறு ஒரு மைல் தவறு.

எழுத வேண்டியது படகு உண்மையில் பிடித்த திசையை. 'இரண்டு ஐம்பதில் ஓட்டு' என்று சுக்கான் பிடிப்பவரிடம் சொல்லியிருப்பீர்கள். அவர் 245-க்கும் 265-க்கும் நடுவே அலைந்துகொண்டிருப்பார். இரண்டு நிமிடம் காம்பஸையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள், எந்த எண்ணைச் சுற்றி அது ஆடுகிறது என்று தெரிந்துவிடும். சொன்னது 250, ஓடியது 255 என்றால் 255-தான் எழுத வேண்டும்.

இன்ஜினை நிறுத்தி மிதக்கும் நேரத்தையும் எழுதுங்கள். வேகம் பூஜ்யம், ஆனால் நேரம் ஓடுகிறது. நீரோட்டம் படகை எடுத்துக்கொண்டு போகிறது.

## 5. காம்பஸ் திசையை உண்மைத் திசையாக மாற்றுதல்

வரைபடத்தில் கோடு போடும் முன் இதைச் செய்துவிட வேண்டும். விதி எளிது: காம்பஸிலிருந்து உண்மைக்குப் போகும்போது கிழக்குப் பிழையைக் கூட்டு, மேற்குப் பிழையைக் கழி. வரைபடத்திலிருந்து காம்பஸுக்கு வரும்போது இதைத் தலைகீழாகச் செய்.

நம் படகு காம்பஸில் 250 பிடிக்கிறது. அந்தத் திசைக்கு அட்டவணையில் டீவியேஷன் 4 கிழக்கு. கூட்டினால் 254. வேரியேஷன் 2 மேற்கு என்று முழு எண்ணாக எடுத்துக்கொள்வோம், சுக்கான் அரை டிகிரிக்கு நிற்கப் போவதில்லை. கழித்தால் 252. இதுதான் உண்மைத் திசை.

டீவியேஷனை எடுக்க வேண்டியது படகின் முகம் இருக்கும் திசைக்கு. படகின் முகம் 250-இல் இருக்கும்போது கரையில் ஓர் அடையாளத்தை 310-இல் பார்த்தால், அந்த 310-க்கும் 250-க்கான டீவியேஷனைத்தான் போட வேண்டும்.

பக்கவாட்டில் பலத்த காற்று இருந்தால் படகு கொஞ்சம் சறுக்கிப் போகும். பின்னால் திரும்பி இன்ஜின் விட்டுச்செல்லும் நுரைத்தடத்தைப் பாருங்கள். அது நேர் பின்னால் இல்லாமல் காற்று வரும் பக்கமாக 5 டிகிரி விலகித் தெரிந்தால், காற்று போகும் பக்கமாக 5 டிகிரியை உண்மைத் திசையில் சேர்க்க வேண்டும். மார்ச் மாதக் காலை நேரத்தில் இது பெரும்பாலும் தேவைப்படாது.

## 6. கணக்கு இடத்தைக் குறித்தல்

காலை 4:00 மணிக்கு ஜிபிஎஸ் புள்ளி: வடக்கு 13°20.00', கிழக்கு 80°50.00'. இதை வரைபடத்தில் குறித்து, பக்கத்தில் மணியை எழுதுங்கள்.

முதல் 40 நிமிடம் உண்மைத் திசை 252, வேகம் 6 நாட். தூரம் காண வேகத்தை நிமிடத்தால் பெருக்கி 60 ஆல் வகுக்க வேண்டும்: 6 × 40 ÷ 60 = 4 மைல். 40 நிமிடத்தை 0.40 மணி என்று போடுவது அடிக்கடி நடக்கிறது. நிமிடத்தை அப்படியே வைத்துக் கடைசியில் 60 ஆல் வகுத்தால் இந்தக் குழப்பம் வராது.

4:40-க்கு யாரோ விட்டிருந்த வலையைச் சுற்றிப்போகத் திசையை மாற்றினோம். காம்பஸில் 230, அதற்கு டீவியேஷன் 3 கிழக்கு, வேரியேஷன் 2 மேற்கு, ஆக உண்மைத் திசை 231. வேகம் 4.5 நாட், 20 நிமிடம், தூரம் 1.5 மைல்.

வரைபடத்தில் 252 திசையில் 4 மைல் கோடு, அதன் நுனியிலிருந்து 231 திசையில் 1.5 மைல் கோடு. தூரத்தை வரைபடத்தின் பக்கவாட்டு அளவுகோலில்தான், படகு இருக்கும் உயரத்துக்கு நேராக அளக்க வேண்டும். அங்கே ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். மேலும் கீழும் உள்ள அளவுகோல் தீர்க்கரேகைக்கானது. நம் பகுதியில் அதில் ஒரு நிமிடம் 0.97 மைல்தான்.

வரைபடம் இல்லாமல் கால்குலேட்டரில் போடுபவர்களுக்கு:

```
dLat  = D × cos(C)
dLong = D × sin(C) / cos(Lat)
```

`D` மைலில் தூரம், `C` உண்மைத் திசை, `Lat` அட்சரேகை. விடை நிமிடத்தில் வரும். வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். குறியைக் கால்குலேட்டரே கொடுத்துவிடும். கால்குலேட்டர் `DEG` முறையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் கோட்டுக்கு -1.24, -3.91 நிமிடம். இரண்டாவதற்கு -0.94, -1.20. எல்லாம் சேர்த்தால் 5:00 மணிக்கு நம் கணக்கு இடம்: 13°17.82', 80°44.89'.

## 7. அடுத்த ஜிபிஎஸ் புள்ளி வந்ததும் கணக்கு இடத்தை அழிக்காதீர்கள்

இந்த வேலையின் உயிரே இந்தப் படிதான். புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் தாண்டிப்போவதும் இதைத்தான். ஜிபிஎஸ் சரியான இடத்தைக் காட்டிவிட்டது, இனிமேல் பழைய கணக்கு எதற்கு என்று அழித்துவிட்டுப் புதுப் புள்ளியிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு புள்ளிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான், கடல் படகை எங்கே தள்ளுகிறது என்று சொல்லும் ஒரே சாட்சி. அடுத்த முறை ஜிபிஎஸ் அணைந்துபோனால் அந்தச் சாட்சியை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

5:00 மணிக்கு ஜிபிஎஸ் காட்டுவது: 13°18.77', 80°45.24'. கணக்கு இடத்திலிருந்து ஜிபிஎஸ் புள்ளியை நோக்கி ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் திசை 020, நீளம் 1 மைல். ஒரு மணி நேரத்தில் 1 மைல் என்றால், 020 திசையில் 1 நாட்.

கோடு கணக்கு இடத்தில் தொடங்கி ஜிபிஎஸ்ஸில் முடிய வேண்டும், மாற்றிப் போட்டால் ஓட்டம் தலைகீழாகிவிடும். இன்னொரு குழப்பமும் உண்டு. காற்றை அது வரும் திசையால் சொல்கிறோம், வாடைக்காற்று என்றால் வடக்கிலிருந்து வருவது. நீரோட்டத்தின் டிகிரி அது போகும் திசை. 020 என்றால் தண்ணீர் வடக்கு-வடகிழக்கு நோக்கிப் போகிறது.

நேரத்தால் வகுக்கவும் மறக்க வேண்டாம். இரண்டு மணி நேர இடைவெளியில் 1 மைல் விலகியிருந்தால் ஓட்டம் அரை நாட்தான்.

## 8. அந்த இடைவெளி நீரோட்டமா, நம் பிழையா?

இடைவெளியில் நீரோட்டம் மட்டும் இருக்காது. வேக அட்டவணையின் பிழை, காம்பஸ் பிழை, சுக்கானின் அலைச்சல் எல்லாம் அதற்குள் சேர்ந்திருக்கும். ஒரே ஓர் இடைவெளியை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. திசை மாற்றி ஓடிய பிறகு கிடைக்கும் இரண்டாவது இடைவெளியோடு ஒப்பிட்டால் பிரிக்கலாம்.

படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் இடைவெளி ஒரே திசையைக் காட்டினால் அது நீரோட்டம். படகு திரும்பும்போது இடைவெளியும் கூடவே திரும்பினால் பிழை படகில் இருக்கிறது. எப்போதும் பின்பக்கமாக விழுந்தால் வேக அட்டவணை அதிகமாகச் சொல்கிறது, முன்பக்கம் விழுந்தால் குறைவாகச் சொல்கிறது. எப்போதும் ஒரே பக்கவாட்டில் விழுந்தால் டீவியேஷன் அட்டவணையையோ சுக்கான் பிடிப்பவரையோ பார்க்க வேண்டும்.

நம் படகில் இந்த 1 மைல் இடைவெளி, படகின் முகத்துக்குப் பின்னாலும் வலப்பக்கமாகவும் விழுந்திருக்கிறது. வேகத்தை ஏறத்தாழ 0.65 நாட் கூடுதலாக எழுதி, ஏறத்தாழ 9 டிகிரி வலமாக ஓட்டியிருந்தாலும் இதே இடைவெளிதான் வந்திருக்கும். அப்படியானால் எது உண்மை? முதல் நாள் கிழக்கு நோக்கிக் கடலுக்குப் போனபோது எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அப்போது இடைவெளி முன்னாலும் இடப்பக்கமாகவும் விழுந்து, அதுவும் வடக்கு-வடகிழக்கையே காட்டியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. முகம் மாறியும் இடைவெளியின் திசை மாறவில்லை, ஆகவே அது ஓட்டம்தான்.

பருவமும் இதற்கு ஒத்துப்போகிறது. பிப்ரவரி, மார்ச்சில் இந்தக் கரையோர ஓட்டம் வடக்கு நோக்கிப் போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கித் திரும்பியிருக்கும். மார்ச்சில் தெற்கே 2 நாட் என்று விடை வந்தால், கடலைச் சந்தேகப்படும் முன் கூட்டல் கழித்தலைச் சரிபாருங்கள்.

வலை விட்டு, இன்ஜினை நிறுத்தி மிதக்கும் படகுகளுக்கு இதைவிடச் சுலபமான அளவு கிடைக்கிறது. வலையோடு மிதக்கத் தொடங்கும்போது ஒரு புள்ளி, வாங்கத் தொடங்கும்போது ஒரு புள்ளி. வேகமும் காம்பஸும் கணக்கில் இல்லாததால் அவற்றின் பிழையும் இல்லை. காற்று பலமாக இல்லாத நாளில் அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே உள்ள கோடு ஏறத்தாழ நீரோட்டமேதான்.

## 9. ஜிபிஎஸ் இல்லாமல் தொடர்வது

5:00 மணிப் புள்ளிக்குப் பிறகு கருவி அணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி கடைசி ஜிபிஎஸ் புள்ளிதான் தொடக்கம். காம்பஸ் 250, உண்மை 252, 6 நாட், 6:30 வரை ஓடுகிறோம். ஒன்றரை மணி நேரம், 9 மைல். கணக்கு இடம் 13°15.99', 80°36.44'.

இதன் மேல் ஓட்டத்தைச் சேருங்கள்: 020 திசையில் ஒன்றரை மணி நேரத்துக்கு 1.5 மைல். வருவது 13°17.4', 80°37.0'. இதை மதிப்பிட்ட இடம் என்போம். வரைபடத்தில் கணக்கு இடத்துக்கு ஒரு குறியும், மதிப்பிட்ட இடத்துக்கு வேறு குறியும் போடுங்கள். ஒரே குறி போட்டால், அடுத்த மணி நேரத்தில் ஓட்டம் சேர்த்த இடத்தை ஓட்டம் சேர்க்காத இடமாக எண்ணி மறுபடியும் சேர்த்துவிடுவீர்கள்.

இந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்? சுக்கான் 5 டிகிரி தவறியிருந்தால் 60 மைலுக்கு 5 மைல் விலகும், 9 மைலுக்கு முக்கால் மைல். வேகத்தில் அரை நாட் தவறு என்றால் ஒன்றரை மணி நேரத்தில் முக்கால் மைல். ஓட்டம் அரை நாட் மாறியிருந்தால் இன்னொரு முக்கால் மைல். மூன்றும் ஒரே பக்கம் சேர்வது அபூர்வம். அதனால் ஒன்றரை மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, படகு அதற்குள் எங்கேயோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் வட்டம் பெரிதாகும். வெறும் புள்ளியை மட்டும் குறிப்பவர்கள் சீக்கிரம் அதை ஜிபிஎஸ் புள்ளி போல நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

## 10. கரைக்குத் திசை போடுதல்

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஏறத்தாழ 13°07.5', 80°18'. நேராக அதையே குறிவைக்காதீர்கள். கரை தெரியும்போது துறைமுகம் வலப்பக்கமா இடப்பக்கமா என்று தெரியாமல் நிற்க நேரும். வேண்டுமென்றே 3 மைல் தெற்கே, மெரினாவுக்கு நேராக வையுங்கள். தெற்கே என்று சொல்வதற்குக் காரணம், ஓட்டம் வடக்கே போகிறது. கரை வந்ததும் வடக்கே திரும்பினால் ஓட்டம் கூட வரும். ஓட்டம் தெற்கே போகும் நவம்பரில் இதை வடக்கே மாற்ற வேண்டும். அந்த இடத்துக்குப் பாதை 236, தூரம் 23 மைல்.

இப்போது ஓட்டத்துக்காக முகத்தைத் திருப்ப வேண்டும். மதிப்பிட்ட இடத்திலிருந்து 236-க்குப் பாதைக் கோடு போடுங்கள். அதே இடத்திலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தை, 020-க்கு 1 மைல் போடுங்கள். அந்த ஓட்டக் கோட்டின் நுனியில் டிவைடரின் ஒரு காலை ஊன்றி, 6 மைல் விரித்து, பாதைக் கோட்டை வெட்டுங்கள். நுனியிலிருந்து வெட்டிய இடத்துக்கான திசைதான் படகின் முகம்: 230. தொடக்கத்திலிருந்து வெட்டிய இடம் வரையான நீளம் ஒரு மணி நேரத்தில் தரைமேல் போகும் தூரம்: 5.2 மைல். ஆக, கரைக்கு ஏறக்குறைய நாலரை மணி நேரம்.

டிவைடரைத் தொடக்கப் புள்ளியில் ஊன்றுவது இங்கே நடக்கும் தவறு. அப்படி வெட்டினால் ஓட்டம் கணக்கிலேயே வராது.

கடைசியாக 230-ஐக் காம்பஸுக்கு மாற்றுங்கள். இப்போது விதி தலைகீழ்: வேரியேஷன் 2 மேற்கைக் கூட்டினால் 232, டீவியேஷன் 3 கிழக்கைக் கழித்தால் 229. சுக்கானுக்குச் சொல்ல வேண்டிய எண் 229. அதை மறுபடியும் உண்மைத் திசையாக மாற்றிப் பாருங்கள். 230 திரும்ப வந்தால் கூட்டல் கழித்தல் சரி.

## 11. வழியில் சரிபார்ப்பது

எக்கோ சவுண்டர் இருந்தால் அரை மணிக்கு ஒரு முறை ஆழத்தை எழுதி, வரைபடத்தில் மதிப்பிட்ட இடத்தில் உள்ள ஆழத்தோடு ஒப்பிடுங்கள். இந்தக் கரையில் ஆழக்கோடுகள் ஏறத்தாழ கரைக்கு இணையாக ஓடுகின்றன. எனவே கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை ஆழம் சொல்லும், வடக்கா தெற்கா என்பதைச் சொல்லாது. ஆழம் ஒத்துப்போனதுமே இடம் சரி என்று முடிவு கட்டக்கூடாது.

வடக்கு தெற்கைச் சொல்பவை கரை அடையாளங்கள். முதலில் தெரிவது எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகளாக, அதுவும் நேர் எதிரே இருந்தால், ஓட்டம் நாம் நினைத்ததைவிடப் பலமாக இருந்திருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் தெரிந்தால் அவற்றுக்கு நடுவே புகுந்து போகாமல் விலகிச் செல்லுங்கள்.

தெளிவாக அடையாளம் தெரிந்த இரண்டு பொருள்களின் திசையைக் காம்பஸில் பார்த்து, உண்மைத் திசையாக மாற்றி, வரைபடத்தில் அவற்றிலிருந்து கோடு இழுங்கள். கோடுகள் வெட்டும் இடம் இனிப் புதுத் தொடக்கம். அதன் பக்கத்தில் மணியை எழுதி, மதிப்பிட்ட இடத்திலிருந்து அது எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் நோட்டில் சேர்த்துவிட்டு, மிச்ச தூரத்துக்கு 10-ஆம் படியை மறுபடியும் போடுங்கள்.